ஏழு நெடுவரிசைத் தடுப்பூசி அட்டவணையைப் போன் திரைக்கு மாற்றியது: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

தமிழ்நாட்டின் ஒரு துணை சுகாதார நிலையத்தில் பணிபுரியும் கிராம சுகாதார செவிலியர், தம் பகுதித் தாய்மார்களுக்கென ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார். கர்ப்பிணிகளும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் அதில் இருந்தார்கள். புதன்கிழமை தடுப்பூசி நாளுக்கு முந்தைய மாலை அவர் குழுவில் ஒரு படம் போடுவார். அது தேசிய தடுப்பூசி அட்டவணை. ஏ4 தாளை அகலவாக்கில் வைத்து அச்சிட்டு, போனில் படம் பிடித்தது.

படம் போட்ட பத்து நிமிடத்துக்குள் கேள்விகள் தொடங்கிவிடும். "நர்ஸம்மா, பாப்பாவுக்கு ரெண்டரை மாசம் ஆகுது, நாளைக்கு என்ன ஊசி?" விடை படத்திலேயே இருந்தது. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் தனியாக அதைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

வட்டார அளவில் சுகாதாரத் தகவல்களை எழுதித் தரும் ஒருவரிடம் இந்தப் படம் வந்தது. "இதையே போனில் படிக்கிற மாதிரி எழுதிக் கொடுங்க" என்பது மட்டுமே கோரிக்கை. எழுதுபவர், செவிலியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர் ஆகிய மூவரும் சேர்ந்து எடுத்த முடிவுகளும் அவற்றால் வந்த விளைவுகளும் இங்கே பதிவாகின்றன.

## படம் ஏன் படிக்க முடியாததாக இருந்தது

அட்டவணையில் ஏழு நெடுவரிசைகள்: தடுப்பூசியின் பெயர், எப்போது, அதிகபட்ச வயது, அளவு, கரைப்பான், செலுத்தும் முறை, செலுத்தும் இடம். தலைப்புகளும் வயதுகளும் தமிழில், தடுப்பூசிப் பெயர்கள் ஆங்கிலச் சுருக்கங்களில்.

ஏ4 தாளின் நீளப் பக்கம் 29.7 செ.மீ. ஆறரை அங்குலப் போனை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் 7 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதாவது தாளில் இருந்தது நான்கு மடங்குக்கும் மேல் சுருங்குகிறது. 9 புள்ளி எழுத்து 2 புள்ளி அளவுக்கு வந்துவிடும். போனைக் கிடையாகப் பிடித்தாலும் பாதிக்குமேல் பெரிதாகாது. விரலால் பெரிதாக்கிப் பார்க்கலாம்தான். ஆனால் பெரிதாக்கியதும் இடது ஓரத்தில் உள்ள பெயரும் மேலே உள்ள தலைப்பும் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. நடுவில் "0.5 மி.லி." என்று தெரிகிறது, எதற்கு 0.5 என்பது தெரிவதில்லை. அட்டவணை என்பதே வரியும் நெடுவரிசையும் சந்திக்கும் இடத்தில் பொருள் தருவது. ஒன்று மறைந்தால் மற்றதுக்கும் பொருள் போய்விடும்.

இதற்கு மேல் இன்னொரு சேதம் அனுப்பும்போது நடக்கிறது. வாட்ஸ்அப்பின் வழக்கமான தரத்தில் அனுப்பும் படத்தின் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருக்கப்படுகிறது. 29.7 செ.மீ. தாளுக்கு 1600 பிக்சல் என்றால், 9 புள்ளி எழுத்துக்கு மொத்தம் 17 பிக்சல் உயரம்தான் கிடைக்கும். அதற்குள் கொம்பு, கால், புள்ளி எல்லாம் அடங்க வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி ஓரிரு பிக்சல்தான், சுருக்கத்தில் அது கரைந்துவிடும். தசமப் புள்ளியின் கதியும் அதுவே. பிசிஜிக்கு ஒரு மாதம் வரை 0.05 மி.லி., அதன்பின் 0.1 மி.லி. என்ற கட்டத்தில் இரண்டு எண்ணிலும் புள்ளியைத் தேட வேண்டியிருந்தது.

HD தரத்தில் அனுப்பலாம், அல்லது ஆவணமாக அனுப்பினால் சுருக்கமே நடக்காது. இரண்டும் மங்கலைத்தான் சரிசெய்யும். நான்கு மடங்கு சுருங்குவதை அவை தொடுவதில்லை. படத்துக்குள் இருக்கும் எழுத்து வாட்ஸ்அப் தேடலில் வராது என்பதும் ஒரு தொல்லை. தாய் ஒருவர் "போலியோ" என்று தேடினால் பழைய அரட்டைகள் கிடைக்கும், அட்டவணை கிடைக்காது.

## முதலில் முயன்றவை

முதல் வரைவு ஒவ்வொரு வரியையும் அப்படியே ஒரு புள்ளி வரியாக மாற்றியது:

```
- பென்டா 1, 2, 3: 6, 10, 14 வாரம், 1 வயது வரை, 0.5 மி.லி., தசையில், இடது தொடை
```

எதையும் விடாமல் எழுதியிருந்தாலும் இது பயன்படவில்லை. ஒரு புள்ளி வரி திரையில் நான்கு வரிகளாக மடிந்தது. நெடுவரிசைத் தலைப்பு இல்லாததால் "1 வயது வரை" என்பது எதைக் குறிக்கிறது என்று செவிலியரைத் தவிர யாருக்கும் விளங்கவில்லை. அதைவிடப் பெரிய குறை, பத்து வாரக் குழந்தைக்கு என்ன என்று அறிய எல்லா வரிகளையும் படித்து, ஒவ்வொன்றிலும் 10 இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. படத்தில் கண்ணாவது நெடுவரிசையில் கீழே ஓடும். வரிகளாக்கியதும் அந்த வசதியும் போயிற்று.

அடுத்ததாக, இடைவெளி விட்டு இரண்டு நெடுவரிசைகளை நேராக நிறுத்தப் பார்த்தார்கள். வாட்ஸ்அப்பில் மூன்று பின்சாய்குறிகளுக்குள் எழுதினால் சம அகல எழுத்து வரும் என்பதை நம்பிச் செய்த முயற்சி அது. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழுக்குச் சம அகல எழுத்துரு போனில் கிடையாது. "ரு"வும் "ணௌ"வும் வெவ்வேறு அகலத்தில்தான் வரும். எழுதியவர் போனில் ஓரளவு நேராக நின்ற நெடுவரிசை, செவிலியர் போனில் படிக்கட்டாகச் சாய்ந்தது. தமிழில் அட்டவணையை எழுத்தால் வரைய முயல்வதை அத்தோடு விட்டார்கள்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலியையும் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று வரிகளுக்குப் பொதுவாக இணைத்திருந்த கட்டங்களில் இருந்த எழுத்து முதல் வரியோடு மட்டும் ஒட்டிக்கொண்டு, அடுத்த வரிகள் வெறுமையாக வந்தன. வெறுமையாக இருக்கும் கட்டம் "இல்லை" என்று சொல்கிறதா, "மேலே உள்ளதே" என்று சொல்கிறதா என்பது பிரித்தெடுத்ததைப் பார்த்துத் தெரியாது. ஆகவே தாளைக் கையில் வைத்து ஒருவர் வாசிக்க, மற்றவர் தட்டச்சு செய்தார்.

## எடுத்த முடிவுகள்

### அட்டவணையைத் திருப்புவது

மூல அட்டவணை தடுப்பூசி வாரியானது. ஒரு மருந்தை எப்போது, எவ்வளவு, எங்கே செலுத்துவது என்று பார்க்கும் பணியாளருக்கு அதுவே சரியான அமைப்பு. தாயின் கேள்வி வேறு: "இந்த வயதில் என்னென்ன?" ஆகவே வயதைத் தலைப்பாக்கி, மருந்துகளை அதன் கீழே கொண்டுவந்தார்கள். இந்த வேலையில் மற்ற எதையும்விட இதுவே அதிகம் மாற்றியது. வரிகளைச் சுருக்குவது இதற்குப் பிறகுதான். திருப்பாமல் சுருக்கியிருந்தால், சின்ன எழுத்தில் இருந்த அதே குழப்பம் பெரிய எழுத்தில் வந்திருக்கும்.

திருப்பும்போது ஒரு சரிபார்ப்பு தேவை. மூலத்தில் ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை தவணை உண்டோ, திருப்பிய பட்டியலில் அந்தப் பெயர் அத்தனை தலைப்புகளின் கீழ் வர வேண்டும். பென்டா மூன்று, ரோட்டா மூன்று, நிமோனியா தடுப்பூசியான பிசிவி மூன்று என்று எண்ணிப் பார்த்தார்கள். போலியோ ஊசி இரண்டுதான் வந்தது. மூலத்திலும் இரண்டுதான். அங்கேதான் மருத்துவ அலுவலர் நிறுத்தினார். 2023 ஜனவரியிலிருந்து ஒன்பது மாதத்தில் மூன்றாவது போலியோ ஊசி சேர்க்கப்பட்டுவிட்டது. குழுவில் வாராவாரம் போய்க்கொண்டிருந்த படம் அதற்கு முந்தையது. மங்கலாக இருந்ததால் யாரும் அதைக் கூர்ந்து படிக்கவில்லை, பழையது என்று யாருக்கும் தெரியவும் இல்லை. நடைமுறையில் குழந்தைகளுக்கு மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். படத்தில் மட்டும் அது இல்லை.

இதன் பிறகு வேலை முறை மாறியது. படத்தைப் பெயர்த்தெழுதுவதை நிறுத்திவிட்டு, நடப்பில் உள்ள அட்டவணையோடு வரிவரியாக ஒப்பிட்டு எழுதினார்கள். செய்தியின் அடியில் சரிபார்த்த மாதமும் ஆண்டும் இடம்பெற வேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

### எதை விடுவது

அளவு, கரைப்பான், செலுத்தும் முறை மூன்றும் முழுதாக நீக்கப்பட்டன. அவை ஊசி போடுபவருக்கானவை. தாய்க்கு அவற்றால் ஒரு முடிவும் எடுக்க வேண்டியதில்லை. தசமப் புள்ளி தொலையும் அபாயமும் அவற்றோடு போயிற்று.

செலுத்தும் இடத்தை விடுவதில் சற்று இழுபறி இருந்தது. ஆறு வாரத்தில் மூன்று ஊசி போடும்போது "எதற்கு இரண்டு தொடையிலும்?" என்று பதறும் வீட்டார் உண்டு என்றார் செவிலியர். கடைசியில் இடத்தைச் சொல்வதற்குப் பதில் எண்ணிக்கையைச் சொல்வதென முடிவானது. "ஊசி 3" என்று முன்பே படித்துவிட்டு வருபவர், மூன்றாவது ஊசியை எடுக்கும்போது அதிர்ச்சி அடைய மாட்டார். போட்டு முடிந்ததும் எண்ணிப் பார்த்துக்கொள்ளவும் முடியும். மூல அட்டவணையில் எந்த நெடுவரிசையிலும் இல்லாத தகவல் இது. திருப்பியதால் மட்டுமே கிடைத்தது.

அதிகபட்ச வயதை விடுவதற்குக் காரணம் வேறு. "பிசிஜி 1 வயது வரை" என்று எழுதினால், அதைத் தவணைக்குக் கிடைத்த அவகாசம் என்று எடுத்துக்கொண்டு தள்ளிப்போடுபவர்கள் இருப்பார்கள். பணியாளருக்கு அது விடுபட்ட குழந்தையைச் சேர்த்துக்கொள்வதற்கான எல்லை. ஒரே எண் இரண்டு வாசகர்களிடம் எதிரெதிரான வேலை செய்கிறது.

தடுப்பூசிக்குப் பின் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்க்கச் சொன்னார்கள். அது தனிச் செய்தியாகப் போகட்டும் என்று எழுதுபவர் உறுதியாக நின்றார். வாட்ஸ்அப்பில் நீளச் செய்தி "Read more" என்று மடிந்துவிடும். மடிப்புக்குக் கீழே போகும் ஒவ்வொரு வரியும் பாதி வாசகரை இழக்கும்.

### பெயர்களைத் தேர்வது

ஆங்கிலச் சுருக்கங்களைத் தமிழில் எழுதினால் பிசிஜி, பிசிவி, ஐபிவி என்று வரும். முதல் இரண்டும் கடைசி எழுத்தில் மட்டும் வேறுபடுகின்றன. சின்னத் திரையில் வேகமாகப் படிப்பவர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வார். ஆகவே பிசிஜியை மட்டும் அப்படியே வைத்து, பிசிவியை "நிமோனியா" என்றும், ஐபிவியை ஊசி வரியில் வரும் "போலியோ" என்றும் எழுதினார்கள். போலியோ ஊசியாகவும் சொட்டாகவும் வருவதால், ஒவ்வொரு வயதிலும் ஊசிக்கு ஒரு வரி, வாயில் கொடுப்பதற்கு ஒரு வரி என்று பிரித்தது இங்கே கைகொடுத்தது.

தவணை எண்களையும் எடுத்துவிட்டார்கள். 14 வார வரி "ஊசி 3: பென்டா 3, ஐபிவி 2, பிசிவி 2" என்று இருந்தது. எண்ணிக்கை எது, தவணை எது என்று பிரித்தறிய முடியவில்லை. வயதே தலைப்பாக இருக்கும்போது தவணை எண் எதையும் கூட்டிச் சொல்வதில்லை.

### வயதை எழுதும் விதம்

ஊரில் இவற்றை "ஒன்றரை மாச ஊசி", "ரெண்டரை மாச ஊசி", "மூன்றரை மாச ஊசி" என்பார்கள். சிலர் 45 நாள், 75 நாள், 105 நாள் என்று எண்ணுவார்கள். அட்டவணைப்படி 6, 10, 14 வாரம் என்பது 42, 70, 98 நாட்கள். 45ஆம் நாள் வந்தால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் 40ஆம் நாள் "ஒன்றரை மாசம் ஆகப்போகுதே" என்று வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும், ஆறு வாரத்துக்கு முன் போடுவதில்லை. ஆகவே வாரத்தைத் தடித்த எழுத்தில் முதலிலும், ஊர்ப் பெயரை அடைப்புக்குறியில் பிறகும் எழுதினார்கள். எண்ணுவதற்கு முன்னது, அடையாளம் காண பின்னது.

"9-12 மாதம்" என்பதில் இரண்டு சிக்கல்கள் வந்தன. அந்தச் சிறுகோட்டில் வரி உடைந்து "9-" ஒரு வரியிலும் "12 மாதம்" அடுத்த வரியிலும் நின்றது. அதைப் படித்த ஒருவர் பன்னிரண்டாவது மாதம் என்று புரிந்துகொண்டார். உடையாத இடத்திலும், வீச்சாகச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணையே கெடுவாக வைத்துக்கொள்கிறார்கள் என்றார் செவிலியர். "9 மாதம் முடிந்ததும்" என்று தொடக்கத்தை மட்டும் எழுதினார்கள். அதே முறையில் "16-24 மாதம்" என்பது "16 மாதம் முடிந்ததும்" ஆனது. இதில் இன்னொரு நன்மையும் இருந்தது: மூலத்தில் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணைக்கு 16 முதல் 24 மாதம் என்றும், வைட்டமின் ஏ இரண்டாம் தவணைக்கு 16 முதல் 18 மாதம் என்றும் இருந்தது. தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் ஒரே தலைப்பில் சேர்க்க முடிந்தது.

### தட்டச்சு நுணுக்கங்கள்

செய்தியை வேர்டில் எழுதி ஒட்டியபோது அது சிறுகோட்டை வட்டப் புள்ளியாகவும் பெரிய இடைவெளியாகவும் மாற்றிவிட்டது. போனில் அந்த இடைவெளியே திரையின் ஒரு பகுதியை விழுங்கியது. அதன்பின் போனின் சாதாரணக் குறிப்பேட்டில்தான் எழுதினார்கள். வரியின் தொடக்கத்தில் சிறுகோடும் ஒரு இடைவெளியும் இட்டால் புதிய வாட்ஸ்அப்பில் அது புள்ளி வரியாகும், பழைய பதிப்பில் வெறும் சிறுகோடாகவே நிற்கும். எப்படியும் படிக்க முடியும். அதே வேலைக்கு நட்சத்திரக் குறியைப் பயன்படுத்தினால் தடித்த எழுத்துக்கான குறியோடு மோதும். தடித்த எழுத்துக்கு நட்சத்திரத்தை ஒட்டியே எழுத்து வர வேண்டும். `*6 வாரம்*` வேலை செய்யும், `* 6 வாரம் *` செய்யாது.

## அனுப்பிய செய்தி

```
*குழந்தை தடுப்பூசி: எப்போது, எத்தனை*

*பிறந்தவுடன்*
- ஊசி 2: பிசிஜி, ஹெபடைடிஸ் பி
- வாயில் 1: போலியோ

*6 வாரம்* (ஒன்றரை மாதம்)
- ஊசி 3: பென்டா, போலியோ, நிமோனியா
- வாயில் 2: போலியோ, ரோட்டா

*10 வாரம்* (இரண்டரை மாதம்)
- ஊசி 1: பென்டா
- வாயில் 2: போலியோ, ரோட்டா

*14 வாரம்* (மூன்றரை மாதம்)
- ஊசி 3: பென்டா, போலியோ, நிமோனியா
- வாயில் 2: போலியோ, ரோட்டா

*9 மாதம் முடிந்ததும்*
- ஊசி 3: தட்டம்மை-ரூபெல்லா, நிமோனியா, போலியோ
- வாயில் 1: வைட்டமின் ஏ

*16 மாதம் முடிந்ததும்*
- ஊசி 2: தட்டம்மை-ரூபெல்லா, டிபிடி
- வாயில் 2: போலியோ, வைட்டமின் ஏ

*5 வயது முடிந்ததும்*
- ஊசி 1: டிபிடி
```

இதன் கீழே தடுப்பூசி நாள் புதன் என்பதும், அட்டையை எடுத்து வர வேண்டும் என்பதும், வைட்டமின் ஏ 5 வயது வரை 6 மாதத்துக்கு ஒரு முறை தொடரும் என்பதும், சரிபார்த்த மாதமும் இருந்தன. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடும் டிடி ஊசி பள்ளிப் பிள்ளைகளுக்கானது என்பதால் வேறு செய்திக்குப் போனது.

அனுப்புவதற்கு முன் எழுத்து அளவைப் பெரிதாக வைத்திருந்த ஒரு பழைய போனில் பார்த்தார்கள். ஒன்பது மாத ஊசி வரி மட்டும் மூன்று வரிகளாக மடிந்தது. "தட்டம்மை-ரூபெல்லா"வைச் சுருக்க நல்ல வழி கிடைக்கவில்லை, அப்படியே விட்டார்கள்.

பிறந்தவுடன் போடுபவை மருத்துவமனையிலேயே முடிந்துவிடுவதால் அந்தப் பகுதியை எடுத்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. குழுவில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். ஹெபடைடிஸ் பி பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. வீட்டுக்குப் போகும் முன் அட்டையில் மூன்றும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள அந்த இரண்டு வரிகள் உதவும் என்று வைத்துக்கொண்டார்கள்.

## பின்னர் நடந்தவை

"நாளைக்கு என்ன ஊசி" என்ற கேள்வி குறைந்தது. முழுதாக நிற்கவில்லை. வரும் கேள்விகளின் தன்மை மாறியது: "மூணு ஊசி ஒரே நாள்ல போடணுமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். படித்துவிட்டுக் கேட்கும் கேள்வி அது. செவிலியருக்கு அதற்குப் பதில் சொல்வதில் சலிப்பில்லை.

இரண்டு இடங்களில் செய்தி தவறாக வழிகாட்டியது.

பதினொரு வாரக் குழந்தையோடு ஒரு தாய் வந்தார். செய்தியைக் காட்டி "பத்து வார ஊசி, ஒண்ணுதானே?" என்றார். அட்டையைப் பார்த்தால் ஆறு வாரத் தவணையே போடவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று அப்போது வராமல் விட்டிருந்தார். அந்தக் குழந்தைக்கு அன்று போட வேண்டியது முதல் தவணை, அடுத்தது குறைந்தது நான்கு வாரம் கழித்து. வயது வாரியாகத் திருப்பியதன் விலை இது. மூல அட்டவணை தவணைகளை வரிசையாகக் காட்டியது, திருப்பிய பட்டியல் எல்லாத் தவணையும் நேரத்துக்கு நடந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. தவணை எண்களை எடுத்ததும் இதற்கு ஒரு காரணம். எண் இருந்திருந்தால் "பென்டா 2" என்பதைப் பார்த்து, "1 போடலையே" என்று ஒருவேளை தோன்றியிருக்கும். ஆனாலும் எண்களைத் திரும்பச் சேர்க்கவில்லை. தலைப்புக்கு அடுத்த வரியாக இதைச் சேர்த்தார்கள்:

```
ஒரு தவணை தவறியிருந்தால் இந்தப் பட்டியல் பொருந்தாது. அட்டையோடு வாருங்கள், செவிலியர் சொல்வார்.
```

அடியில் வைத்தால் மடிப்புக்குள் மறைந்துவிடும் என்பதால் அது மேலே போனது.

இரண்டாவது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி. அது நோய் பரவல் உள்ள குறிப்பிட்ட மாவட்டங்களில் மட்டும் ஒன்பது மாதத்திலும் பிறகு 16 மாதத்துக்குப் பின்னும் போடப்படுகிறது. மூலத்தில் அந்த நிபந்தனை அடிக்குறிப்பாக இருந்தது. செவிலியரின் மாவட்டத்தில் அது இல்லாததால் வரியையே எடுத்துவிட்டார்கள். அப்போது சரியாகவே பட்டது. ஆனால் பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர்கள் பல மாதங்கள் அங்கேயே இருப்பார்கள், குழுவில் இருந்து விலகுவதில்லை. அப்படி வேறு மாவட்டத்தில் இருந்த ஒருவர், ஒன்பது மாதத்தில் நான்காவது ஊசியை எடுத்ததும் செவிலியருக்குப் போன் செய்தார். "நீங்க மூணுன்னு போட்டிருந்தீங்க, இவங்க நாலு போடுறாங்க." ஊசி போட்டவருக்கும் சங்கடம், தாய்க்கும் பயம். எண்ணிக்கையைச் சொல்வதில் இருந்த நன்மையே இங்கே எதிராகத் திரும்பியது.

வாட்ஸ்அப் செய்தி குழுவின் எல்லைக்குள் நிற்பதில்லை, முன்னனுப்பும்போது அனுப்பியவர் பெயரும் போவதில்லை. நிபந்தனையை எழுதுபவரே தீர்த்துவிட்டால், எந்த ஊருக்காகத் தீர்த்தோம் என்பது செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆகவே 9 மாதம், 16 மாதம் இரண்டின் கீழும் ஒரு வரி சேர்ந்தது:

```
- சில மாவட்டங்களில் கூடுதலாக ஊசி 1: மூளைக்காய்ச்சல்
```

செவிலியர்களுக்கான தனிக் குழுவில் பழைய படத்துக்குப் பதில் நடப்பு அட்டவணை ஆவணமாகப் போடப்பட்டது. அவர்களுக்கு ஏழு நெடுவரிசையும் வேண்டும்.

## இனி மாற்றவிருப்பவை

முழுப் பட்டியலை வாராவாரம் அனுப்புவது நிற்கப்போகிறது. அது குழுவில் மேலே பின் செய்யப்பட்டிருக்கும். புதன்கிழமைக்கு முன்தினம், அந்த வாரம் வர வேண்டிய குழந்தைகளின் தாய்மார்களுக்கு அவரவர் வயதுக்கான மூன்று வரிகள் மட்டும் தனிச் செய்தியாகப் போகும். அதில் தேதியும் இருக்கும்: ஆறு வாரத் தவணை என்றால் பிறந்த நாளோடு 42 நாட்களைக் கூட்டி, அன்றோ அதற்கு அடுத்தோ வரும் புதன்கிழமை. தவணை தவறிய குழந்தைக்குச் செவிலியர் பதிவேட்டைப் பார்த்துச் சரியான வரிகளை அனுப்புவார் என்பதால், பதினொரு வாரக் குழந்தையின் சிக்கல் இதில் எழாது.

எழுத்துப் படிக்கச் சிரமப்படும் தாய்மார்களுக்கும், வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிகளுக்கும் இதே மூன்று வரிகளைச் செவிலியர் குரலில் பதிவு செய்து அனுப்பலாம் என்று பேசியிருக்கிறார்கள். முழுப் பட்டியலையும் குரலில் பதிவு செய்தால் நடுவில் வரும் வயதைத் தேடி எடுக்க முடியாது. ஆகவே வயதுக்கு ஒன்றாக ஏழு சிறு பதிவுகள் போதும் என்பது இப்போதைய திட்டம்.

அட்டவணை திருத்தப்படும்போது செய்தியும் திருத்தப்படுவதற்கான பொறுப்பு மருத்துவ அலுவலரிடம் இருக்கிறது. பழைய செய்தி தாய்மார்களின் போன்களில் அப்படியே கிடக்கும் என்பதால், திருத்தியதை அனுப்பும்போது எந்த வயதில் எந்த வரி மாறியது என்பதை மட்டும் தனியே ஒரு வரியாக முதலில் போடுவார்கள்.